72க்கு முன்னால் 100

“சார், நான் மூன்றாம் படிவம் படிக்கிறேன். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருஷத்தில் இரண்டு மடங்காகும் என்று தெரிந்துவிடுமாம். அந்த 72 எங்கிருந்து வந்தது? அப்பாவின் இ.பி.எஃப். லாப ஈவு வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. அப்போது எதால் வகுப்பது?”

தம்பி, 72ஐக் கொஞ்ச நேரம் ஓரமாக வை. முதலில் 100ஐப் பார்ப்போம். பிறகு 72 தானாக வந்துவிடும்.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் என் தாத்தா ஆடு வளர்த்தார், அடுத்த வீட்டுக்காரரும் வளர்த்தார். அடுத்த வீட்டுக்காரர் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வருஷத்துக் குட்டிகளை எல்லாம் விற்றுவிடுவார். அவர் கொட்டகையில் எப்போது எட்டிப் பார்த்தாலும் அதே நான்கு ஆடுகள்தான். தாத்தா கிடாக் குட்டிகளை விற்றார், பெட்டைக் குட்டிகளை வைத்துக்கொண்டார். அவை வளர்ந்து அவையும் குட்டி போட்டன. வட்டி குட்டி போடும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதற்கு அர்த்தம் இதுதான். அடுத்த வீட்டுக்காரரின் கணக்கு தனிவட்டி, தாத்தாவின் கணக்கு கூட்டுவட்டி.

இப்போது ஆட்டை விட்டுவிட்டு வெள்ளிக்கு வருவோம். 1,000 ரிங்கிட்டுக்கு வருஷம் 6 சதவீதம் என்றால் 60 ரிங்கிட். அந்த 60ஐ ஒவ்வொரு வருஷமும் வெளியே எடுத்து ஒரு மிலோ டின்னில் போட்டு வைக்கிறாய் என்று வைத்துக்கொள். டின்னில் 1,000 சேர எத்தனை வருஷம் ஆகும்? 100ஐ 6ஆல் வகுத்தால் 16 வருஷமும் எட்டு மாதமும் வரும். 5 சதவீதம் என்றால் 20 வருஷம், 4 என்றால் 25. தனிவட்டியில் பணம் இரட்டிப்பாவதற்கான எண் 100. நூற்றுக்கு நூறு சேர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 60ஐ டின்னில் போடாமல் கணக்கிலேயே விட்டால் என்ன ஆகும் என்பதுதான் உன் கேள்வி. உன் கேசியோ சயன்டிஃபிக் கால்குலேட்டரை எடு. 1000 என்று அழுத்தி = போடு. பிறகு × 1.06 என்று அழுத்தி = போடு, 1060 வரும். இனி வேறு எதையும் தொடாமல் = ஐ மட்டும் திரும்பத் திரும்ப அழுத்து. ஒரு அழுத்தம் ஒரு வருஷம்.

இரண்டாவது அழுத்தத்தில் 1123.60 வரும். இந்த வருஷம் வந்த வட்டி 63.60. அதில் 60 ரிங்கிட் பழைய ஆயிரத்துக்கான வட்டி. மிச்சம் 3 ரிங்கிட் 60 சென், போன வருஷத்து அறுபது போட்ட குட்டி. என் டியூஷன் பிள்ளைகள் இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள். மூன்று வெள்ளியை வைத்து ஒரு தே தாரிக் குடிக்கலாம், வேறென்ன செய்வது என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை, தொடர்ந்து அழுத்தச் சொல்வேன். ஆறாவது வருஷம் 1418.52. தனிவட்டியாக இருந்தால் 1360. பத்தாவது வருஷம் 1790.85. தனிவட்டியில் அது 1600. பன்னிரண்டாவது அழுத்தத்தில் 2012.20.

அந்தக் கடைசி ஒரு வருஷத்தில் மட்டும் சேர்ந்தது கிட்டத்தட்ட 114 ரிங்கிட். முதல் வருஷம் 60 தந்த அதே ஆயிரம், அதே 6 சதவீதம்.

ஆக தனிவட்டியில் 16 வருஷம் எட்டு மாதம் பிடித்த வேலை, கூட்டுவட்டியில் 12 வருஷத்தில் முடிந்துவிட்டது. 12ஐ 6ஆல் பெருக்கினால் 72. அதாவது இரட்டிப்பாவதற்கு நூற்றுக்கு நூறு தேவைப்பட்டாலும் நேர் வட்டி 72தான் கொண்டுவந்தது. மீதி 28ஐக் குட்டிகள் கொண்டுவந்தன. நீ கேட்ட 72 இங்கிருந்துதான் வருகிறது.

சரி, 6க்கு மட்டும் அப்படி அமைந்துவிட்டதா என்று சந்தேகப்படுவாய், படத்தான் வேண்டும். 8 சதவீதத்துக்குப் போட்டுப் பார்: 72ஐ 8ஆல் வகுத்தால் 9 வருஷம். கால்குலேட்டரில் ஒன்பது முறை அழுத்தினால் 1,000 என்பது 1,999 ஆகியிருக்கும். இதைவிட நெருக்கமாக ஒரு வாய்க்கணக்கு இருக்க முடியாது. ஆனால் 2 சதவீதத்துக்கு விதி 36 வருஷம் என்கிறது, உண்மையில் 35 வருஷத்திலேயே இரட்டிப்பாகிவிடும். அங்கே சரியான எண் 70. 18 சதவீதத்துக்கு விதி 4 வருஷம் என்கிறது, உண்மையில் நான்கு வருஷமும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேலும் ஆகும். அங்கே சரியான எண் 75ஐத் தாண்டுகிறது.

இப்படி நகர்வதற்கு ஒரு காரணம் உண்டு. வட்டி வருஷக் கடைசியில்தான் கணக்கில் சேர்கிறது. அதுவரை அது சும்மா காத்திருக்கிறது. விகிதம் சிறியதாக இருந்தால் காத்திருக்கும் தொகையும் சிறியது, இழப்பு பெரிதில்லை. விகிதம் பெரிதானால் பெரிய தொகை ஒன்று வருஷம் முழுக்கக் குட்டி போடாமல் நிற்கிறது. அதனால் எண் மேலே ஏறுகிறது. ஒவ்வொரு நொடியும் வட்டி சேர்ந்துகொண்டே இருந்தால் எண் எப்போதும் 69.3தான். ஏன் 69.3 என்பதை நீ பின்னால் மடக்கை படிக்கும்போது பார்க்கலாம். அது 2இன் இயல்மடக்கையான 0.693இன் நூறு மடங்கு.

அப்படியானால் 69.3ஐ வைத்துக்கொள்ளாமல் ஏன் 72? ஒன்று, நாம் அன்றாடம் பார்க்கும் 6, 7, 8, 9 சதவீதங்களுக்கு 72தான் ஒட்டி வருகிறது. இரண்டு, 72ஐ 2, 3, 4, 6, 8, 9, 12 என்று எதால் வேண்டுமானாலும் மிச்சமில்லாமல் வகுக்கலாம். 69.3ஐ யார் மனக்கணக்காக வகுப்பது? இந்த விதி ஒன்றும் புதிதில்லை. 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சியோலி வெளியிட்ட கணித நூலிலேயே இருக்கிறது. ஆனால் அவரும் காரணம் சொல்லவில்லை, 72ஆல் கணக்குப் போடு என்பதோடு விட்டுவிட்டார்.

இனி உன் அப்பாவின் கணக்கு. விகிதம் ஒவ்வொரு வருஷமும் மாறும்போது எதால் வகுப்பது என்று கேட்டாய். வகுக்கவே வேண்டாம், கூட்டு. ஒவ்வொரு வருஷத்து விகிதத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போ. கூட்டுத்தொகை 72ஐத் தொடும் வருஷத்தில் பணம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும்.

நம்ப வேண்டாம், போட்டே பார்ப்போம். ஊழியர் சேமநிதி வாரியம், அதாவது இ.பி.எஃப்., வழக்கமான சேமிப்புக்கு அறிவித்த லாப ஈவு 2013இல் 6.35 சதவீதம். அடுத்த வருஷங்களில் 6.75, 6.40, 5.70, 6.90, 6.15. இது 2018 வரை. இதுவரை கூட்டினால் 38.25. பிறகு 2019இல் 5.45, கோவிட் வந்த 2020இல் 5.20, அதன் பிறகு 6.10, 5.35, 5.50, 2024க்கு 6.30. இந்த ஆறும் சேர்ந்து 33.90. மொத்தம் 72.15.

இப்போது கால்குலேட்டரில் உண்மைக் கணக்கு. 1000 × 1.0635 × 1.0675 × 1.064 என்று பன்னிரண்டு வருஷத்தையும் வரிசையாகப் பெருக்கு. விடை 2014.73. 2013 ஜனவரி முதல் தேதி உன் அப்பா கணக்கில் 1,000 ரிங்கிட் இருந்து, அதை அவர் தொடாமல் விட்டிருந்தால், 2024க்கான ஈவு ஏறியதும் அந்த ஆயிரம் 2,014 ஆகியிருக்கும். எந்த இரண்டு வருஷமும் ஒரே விகிதம் இல்லை. இருந்தும் வாய்க்கணக்கு 15 வெள்ளிக்குள் வந்து நிற்கிறது. முதன்முதலில் இதைக் கரும்பலகையில் போட்டபோது எனக்கே கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் கவனி. ஒரு பிள்ளை கேட்டாள்: “சார், நல்ல வருஷம் முதலில் வந்தால்தானே லாபம்?” ஒரே தடவை போட்டு வைத்த பணத்துக்கு வரிசை முக்கியமே இல்லை. 2020இன் 5.20 முதலில் வந்திருந்தாலும் கடைசியில் வந்திருந்தாலும் விடை அதே 2014.73தான், பெருக்கலில் எதை முன்னால் வைத்தால் என்ன. மாதாமாதம் பணம் ஏறிக்கொண்டிருக்கும் கணக்கில் மட்டும் வரிசைக்கு மதிப்பு உண்டு. அங்கே ஒவ்வொரு மாதத்துப் பணத்துக்கும் பிறந்தநாள் வேறு, அதனதன் 72ஐ அதது தனியாக எண்ணும். ஆகவே அப்பாவின் மொத்த இருப்பு 12 வருஷத்தில் இரட்டிப்பாக வேண்டும் என்று எதிர்பார்க்காதே. சந்தாவும் ஏறுவதால் அது அதற்கு முன்பே இரட்டிப்பாகும். அதை வைத்து விதியைச் சோதிக்க முடியாது.

உன் அப்பாவுக்கும் உன் தாத்தாவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இதே கூட்டலில் பார்க்கலாம். 1983 முதல் 1987 வரை ஐந்து வருஷமும் இ.பி.எஃப். 8.5 சதவீதம் கொடுத்தது. அதன் பிறகு சில வருஷம் 8. ஐந்து எட்டரை 42.5, நான்கு எட்டு 32, சேர்த்தால் 74.5. ஒன்பது வருஷத்துக்குள் இரட்டிப்பு. உன் தாத்தா பால் மரம் சீவிச் சேர்த்த வெள்ளி, அப்பாவின் வெள்ளியைவிட வேகமாக ஓடியது. சட்டப்படி வாரியம் கொடுத்தே தீர வேண்டிய குறைந்தபட்சம் 2.5 சதவீதம். அது மட்டும் கிடைத்தால் 72ஐ 2.5ஆல் வகுத்துக்கொள், கிட்டத்தட்ட 29 வருஷம்.

இரட்டிப்பு என்பதை ஒரு முறைக்கு மேல் கொண்டுபோனால்தான் விஷயமே தொடங்குகிறது. உனக்கு இப்போது 15 வயது. 1,000 ரிங்கிட், 6 சதவீதம், தொடுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். 27 வயதில் 2,000. 39இல் 4,000. 51இல் 8,000. 63இல் 16,000. கால்குலேட்டர் சரியாகச் சொல்வது 16,394. தனிவட்டியாக இருந்தால் அதே 48 வருஷத்தில் 3,880தான் இருந்திருக்கும்.

உன் அண்ணன் அதே ஆயிரத்தை 27 வயதில் போடுகிறான் என்று வை. 63இல் அவனிடம் 8,000தான் இருக்கும். பன்னிரண்டு வருஷம் பிந்தியதற்குப் பாதித் தொகை போய்விட்டது. இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: “முதல் பன்னிரண்டு வருஷத்தில் வெறும் ஆயிரம்தானே சார் சேர்ந்தது, அதுதானே போக வேண்டும்?” அவன் வரிசையை எழுதிப் பார்த்தால் புரியும். 1, 2, 4, 8 என்று நின்றுவிடுகிறது. உன் வரிசையில் அதற்குப் பிறகு 16 இருக்கிறது. அவனுக்கும் முதல் ஆயிரம் கிடைத்தது. கிடைக்காமல் போனது கடைசி இரட்டிப்பு, அது தனியாகவே 8,000. கடைசி இரட்டிப்பு எப்போதும் அதற்கு முன் இருந்தது அத்தனைக்கும் சமமாக இருக்கும்.

இதெல்லாம் குட்டியைக் கொட்டகையில் விட்டால்தான். நான் கணக்கு வாத்தியார், நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு வங்கியில் 5,000 ரிங்கிட்டை நிரந்தர வைப்பில் போட்டேன், 3 சதவீதம். முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுத்திருந்தேன். நான் நினைத்தது வட்டியும் சேர்ந்து புதுப்பிக்கும் என்று. படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்திருக்கின்றன: முதலும் வட்டியும் சேர்த்துப் புதுப்பிக்கவும் என்று ஒன்று, முதலை மட்டும் புதுப்பித்து வட்டியைச் சேமிப்புக் கணக்கில் போடவும் என்று ஒன்று. டிக் அடித்திருந்தது இரண்டாவதில். அடித்தது நானா முகப்பில் இருந்தவரா என்று இன்று வரை தெரியாது. வருஷத்துக்கு 150 ரிங்கிட் சேமிப்புக் கணக்கில் விழுந்தது, மளிகைக்கும் பெட்ரோலுக்கும் போனது. பத்து வருஷம் கழித்துத் தாளை எடுத்துப் பார்த்தால் அதே 5,000. அடுத்த வீட்டுக்காரரின் நான்கு ஆடுகள் நினைவுக்கு வந்தன. வட்டி முதலோடு சேர்ந்திருந்தால் அன்றைக்கு 6,719 இருந்திருக்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: வைப்புத் தாளில் முதல் என்ற இடத்தில் உள்ள எண்ணைப் போன தடவை தாளோடு ஒப்பிட்டுப் பார். மாறாமல் இருந்தால் உனக்குத் தனிவட்டிதான் ஓடுகிறது, விதி 72 அங்கே செல்லாது.

அப்புறம், கடன். விதி யார் பக்கம் என்று பார்ப்பதில்லை. கிரெடிட் கார்டில் 18 சதவீத வட்டியில் நிற்கும் பாக்கியை யாரும் தொடாமல், வட்டியும் பாக்கியோடு ஏறிக்கொண்டே போனால் ஏறக்குறைய நான்கு வருஷத்தில் இரட்டிப்பு, அதுவும் தாமதக் கட்டணத்தைச் சேர்க்காமல். ஆனால் நம் ஊரில் அதைவிட மோசமானது மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் தொலைபேசி எண்கள், உரிமமில்லாமல் கடன் கொடுக்கும் வட்டி முதலைகளின் எண்கள். வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன்: “வட்டி முதலை ஒருவர் 10 சதவீதத்துக்கு 1,000 ரிங்கிட் கொடுக்கிறார். எப்போது இரட்டிப்பாகும்?” பாதிப் பேர் 7.2 வருஷம் என்று எழுதினார்கள். ஒருத்தன் மட்டும் கை தூக்கி, “சார், அவர்கள் சொல்வது மாதத்துக்கு” என்றான். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அவன் சொன்னதுதான் சரி. விகிதம் மாதத்துக்கு என்றால் விடையும் மாதத்தில் வரும். 7.2 மாதம். கட்டாத வட்டி முதலோடு ஏறினால் ஏழு மாதத்தில் 1,949, பதினான்கு மாதத்தில் ஏறக்குறைய 3,800. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டப்படி உரிமம் உள்ளவர் அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, அடமானம் இருந்தால் 12தான். கூட்டுவட்டி போடவும் கூடாது. யாராவது விகிதம் சொன்னால் நீ முதலில் கேட்க வேண்டியது, மாதத்துக்கா வருஷத்துக்கா என்று.

கடைசியாக ஒன்று, 16,000 என்று நான் சொன்னதில் நீ ரொம்பக் குளிர்ந்துவிடக்கூடாது என்பதற்காக. விலைவாசியும் கூட்டுவட்டியில்தான் ஏறுகிறது. வருஷத்துக்கு 3 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், 72ஐ 3ஆல் வகுத்து 24 வருஷத்தில் விலை இரட்டிப்பு. உன் 48 வருஷத்தில் இரண்டு இரட்டிப்பு, அதாவது நான்கு மடங்கு. இன்று கடையில் 1.50க்கு விற்கும் ரொட்டி சானாய் அன்றைக்கு 6 ரிங்கிட். உன் பணம் 16 மடங்கு, ரொட்டி 4 மடங்கு. ஆகவே உண்மையில் நீ வாங்கக்கூடியது 4 மடங்குதான் கூடியிருக்கும். இதையே குறுக்கு வழியிலும் போடலாம்: 6இல் 3ஐக் கழி, 3. 72ஐ 3ஆல் வகு, 24 வருஷம். 48 வருஷத்தில் இரண்டு இரட்டிப்பு, நான்கு மடங்கு. இன்றைய ஆயிரத்துக்கு 666 ரொட்டி வாங்கலாம் என்றால், 63 வயதில் உன் 16,000க்கு 2,666. எண்ணிப் பார்க்க உனக்கு அப்போது பொறுமை இருந்தால்.